எந்த மொழிக்குங்க?

அவினாசியில் உட்கார்ந்து மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிற எனக்கு வேலை வருவது பெரும்பாலும் வாட்ஸ்அப்பில்தான். நீளமாக ஒரு பத்தி வந்து விழும். கீழே ‘இத மொழிபெயர்த்துக் குடுங்கக்கா’ என்று ஒரு வரி இருக்கும். சில பேர் அதைக்கூட எழுத மாட்டார்கள்; பத்தியை ஒட்டிவிட்டு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். எந்த மொழிக்கு என்பது மட்டும் எங்கேயும் இருக்காது. அனுப்புகிறவரைக் குறை சொல்லவும் முடியாது. அந்தப் பத்தி எங்கே போகப் போகிறது என்பது காலையிலிருந்து அவர் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கும். அது எனக்கும் தெரியும் என்று நினைத்துக்கொள்வார், அவ்வளவுதான்.

இதில் முக்கால்வாசி கேட்காமலே தெரிந்துவிடும். இங்கிலீஷில் ஒரு இன்ஷூரன்ஸ் கடிதத்தை ஒட்டி, ‘இத கொஞ்சம் மொழிபெயர்த்து சொல்லுங்கக்கா’ என்று தமிழில் எழுதுகிறவருக்குத் தமிழ்தான் வேண்டும். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து அனுப்பினாலும் அதேதான். அவர் விசைப்பலகை இங்கிலீஷில் இருக்கிறதே தவிர, கேட்பது தமிழில். தனக்குப் புரியாததை ஒட்டி, தனக்குப் புரிகிற பாஷையில் கேட்கிறார். அந்தப் பாஷையில் கொடுத்துவிட வேண்டியதுதான். இந்த இடத்தில் ‘எந்த மொழிக்குங்க?’ என்று கேட்டால், ‘இதுகூடத் தெரியாதா’ என்று நினைப்பார்கள். நினைக்கட்டும் என்று விடலாம்தான், ஆனால் பதில் சாயங்காலம்தான் வரும். அதுவரை அந்தக் கடிதத்தில் இருக்கிற கெடு தேதி அவருக்குத் தெரியாமலே கிடக்கும்.

சிக்கல், ஒட்டிய பத்தியும் தமிழ், கேட்கிறவரும் தமிழ் என்று வரும்போது ஆரம்பிக்கிறது. தமிழைத் தமிழுக்கு மாற்றச் சொல்ல மாட்டார் என்பதால் இங்கிலீஷ் என்று எடுத்துக்கொள்ளலாம். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். அனுப்புகிறவர் வக்கீல் குமாஸ்தா என்றால் சந்தேகமே வேண்டாம். கோயம்புத்தூரிலோ ஈரோட்டிலோ சிவில் வழக்கு தமிழ்ப் பத்திரங்களை வைத்தே நடந்து முடிந்திருக்கும். அப்பீல் என்று சென்னைக்குப் போகிறபோது, ஐகோர்ட் நடவடிக்கை இங்கிலீஷில் என்பது அரசியலமைப்பின் 348-ஆவது பிரிவு. அதனால் கிரயப் பத்திரம், பாகப் பிரிவினை, சாட்சி வாக்குமூலம் எல்லாம் இங்கிலீஷாகி, அப்பீலோடு கோர்ட்டில் கொடுக்கிற ஆவணக் கட்டான டைப்டு செட்டில் சேர வேண்டும். குமாஸ்தா அண்ணன் ஒருபோதும் மொழி சொல்ல மாட்டார். சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

ஆனால் அதே பாகப் பிரிவினைப் பத்திரத்தைப் பாலக்காட்டுப் பக்கம் கட்டிக்கொடுத்த தங்கைக்கு அனுப்ப வேண்டும் என்று பொள்ளாச்சியில் இருந்து ஒருவர் கேட்கலாம். தங்கை வீட்டுக்காரர் மலையாளம் மட்டும் படிப்பவராக இருக்கலாம். பத்தியில் ஒரு எழுத்துகூட மாறியிருக்காது, அனுப்பியவரின் வேலையும் ஊரும்தான் மாறியிருக்கும். ஆகவே தமிழ்ப் பத்தி வந்தால் நான் முதலில் அனுப்பியவரின் பெயரையும், இதற்கு முன்னால் அவரோடு பேசிய பேச்சையும் மேலே தள்ளிப் பார்க்கிறேன். பத்தியைப் படிப்பது அதற்கு அப்புறம்தான்.

இந்த வகையில் எனக்குப் பிடித்த விசித்திரம் ஒன்று உண்டு. எங்கள் பக்கத்துப் பத்திர எழுத்தர்கள், டி.டி.பி. கடைக்காரர்கள் பலர் இன்னமும் பாமினி மாதிரியான பழைய எழுத்துருவில்தான் அடிக்கிறார்கள். அந்தக் கம்ப்யூட்டரில் அது அழகான தமிழ். அங்கிருந்து நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் இப்படி வந்து நிற்கும்:

```
fpuag; gj;jpuk;
```

இது ‘கிரயப் பத்திரம்’. பாமினியில் `f` என்பது க, `p` என்பது இகரக் குறி, `;` என்பது புள்ளி. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அது இங்கிலீஷ் எழுத்துதான். எழுத்துருவைப் போட்டால்தான் தமிழாகத் தெரியும். பழகினால் கண்ணாலேயே கண்டுபிடித்துவிடலாம். சொல்லுக்கு நடுவிலும் கடைசியிலும் அரைப்புள்ளி திரும்பத் திரும்ப வரும், `j;j`, `g;g` என்று இரட்டிப்பு வரும், சொல்லுக்கு நடுவே பெரிய எழுத்து முளைக்கும். இங்கிலீஷ் அப்படி இருக்காது, வேறெந்த ஐரோப்பிய பாஷையும் அப்படி இருக்காது.

இப்படி ஒரு பக்கத்தை ஒட்டி ‘மொழிபெயர்த்துக் குடுங்க’ என்று வந்தால், அதற்கு ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு அர்த்தம் உண்டு. பத்திரக் கடை கம்ப்யூட்டரில் தமிழாகப் பார்த்துவிட்டு ஒட்டியவர், அது தமிழ் என்று தெரிந்தே அனுப்புகிறார். அவருக்கு வேண்டியது இங்கிலீஷ். வேறு யாரோ அனுப்பியதைத் தன் போனில் இப்படிக் கலைந்த எழுத்தாகப் பார்த்தவர், அது ஏதோ தெரியாத பாஷை என்று நினைத்து அனுப்புகிறார். அவருக்கு வேண்டியது தமிழ். அவருக்கு மொழிபெயர்ப்பே தேவையில்லை. யூனிகோடு மாற்றியில் போட்டு இரண்டு நிமிடத்தில் திருப்பி அனுப்பினால் வேலை முடிந்தது. இந்த இரண்டு பேரையும் பத்தியை வைத்துப் பிரிக்க முடியாது. ‘உங்க பக்கம் இது எப்படித் தெரியுதுன்னு ஒரு போட்டோ அனுப்புங்க’ என்று மட்டும் கேட்பேன். தமிழாகத் தெரிகிற போட்டோ வந்தால் இங்கிலீஷ், கலைந்த எழுத்து வந்தால் தமிழ். யூனிகோடுக்கு மாற்றியதும் சர்வே எண்களையும் பரப்பளவையும் அந்தப் போட்டோவோடு ஒத்துப் பார்க்க அது இன்னொரு விதத்திலும் உதவும், ஏனென்றால் மாற்றியில் போடும்போது கொம்பும் காலும் சில சமயம் இடம் மாறி உட்காரும்.

இதெல்லாம் தனி மனிதர்களின் வேலை. திருப்பூர் கம்பெனிகளில் இருந்து வருகிற பத்திகள் வேறு ரகம். அங்கே அனுப்புகிறவர் ஒருவர், படிக்கப் போகிறவர் வேறொருவர். கேட்கிறவரின் பாஷையில் கொடுத்துவிடு என்கிற கணக்கு அங்கே உதவாது.

ஒரு பனியன் கம்பெனி எச்.ஆர். தம்பி அனுப்பிய பத்தியையே எடுத்துக்கொள்கிறேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்தது. ‘ஆடிட் வருதுங்கக்கா. நாளைக்குக் காலைல வேணும். மொழிபெயர்த்துக் குடுங்க.’ மேலே இங்கிலீஷில் எட்டு வாக்கியம். பீஸில் எண்ணெய்க் கறை இருந்தால் ஸ்பாட் கன்னால் கெமிக்கலை அடித்து எடுப்பார்கள் இல்லையா, அந்த மேஜைக்கான பாதுகாப்பு அறிவிப்பு அது. கையுறையும் மாஸ்க்கும் போட்ட பிறகே கன்னைத் தொட வேண்டும், காற்று உறிஞ்சும் விசிறி ஓடாமல் வேலை செய்யக் கூடாது, கேனை மூடியே வைக்க வேண்டும், பக்கத்தில் நெருப்பு ஆகாது, கண்ணில் பட்டால் உடனே ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும் என்று போகிறது. எட்டாவது வாக்கியம் மட்டும் தொழிலாளிக்கு எழுதப்பட்டதில்லை, கம்பெனிக்கு எழுதப்பட்டது. வேலை செய்கிறவர்களுக்குப் புரியும் மொழிகளில், வேலை நடக்கும் இடத்திலேயே இதை ஒட்ட வேண்டும் என்று சொல்கிறது.

எந்த மொழி என்று தம்பி சொல்லவில்லை, ஆனால் அவர் ஒட்டிய பத்தியே சொல்லிவிட்டது. ‘மொழிகளில்’ என்று பன்மையில் வேறு. வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனியின் கையேட்டில் இருந்து அப்படியே எடுத்து ஒட்டியிருக்கிறார். ஒட்டிய பத்தியின் கடைசி வரியைப் படிக்காமலே அனுப்பிவிடுவது மிகச் சாதாரணம். அதனால் ‘மொழி சொல்லவில்லையே’ என்று போனை எடுப்பதற்கு முன்னால் முதல் வரியையும் கடைசி வரியையும் நான் ஒருமுறை படித்துவிடுவேன். தலைப்பு, அடிக்குறிப்பு, ‘இன்னாருக்கு’ என்கிற வரி, தேதி எழுதியிருக்கிற விதம் என்று ஏதாவது ஒன்று போகிற ஊரைக் காட்டிக் கொடுக்கும்.

சரி, வேலை செய்கிறவர்களுக்குப் புரியும் மொழி எது? இதை எச்.ஆரிடம் நேராகக் கேட்டால் பதில் எனக்கு முன்னமே தெரியும்: ‘தமிழும் ஹிந்தியும் போட்டுடுங்கக்கா, எல்லாத்துக்கும் ஹிந்தி தெரியும்.’ திருப்பூரில் வடக்கத்திப் பையன் என்றால் ஹிந்தி, அவ்வளவுதான் கணக்கு. அதனால் நான் மொழியைக் கேட்பதில்லை, ஆளைக் கேட்கிறேன்.

“அந்த ஸ்பாட் மேஜைல யாரு வேலை பாக்கறாங்க தம்பி? எந்த ஊர்ப் பசங்க?”

“ரெண்டு பேரு நம்மூருங்க. மூணு பேரு ஒடிசா. ரெண்டு பேரு பீகார். ஒரு பையன் ஜார்க்கண்ட்.”

“ஒடிசா பசங்க ஹிந்தி படிப்பாங்களா?”

“நல்லா பேசுவாங்கக்கா.”

“பேசறது சரி. படிப்பாங்களா?”

அங்கே ஒரு நிறுத்தம் விழுந்தது. ஒடிசாவில் இருந்து வருகிற பையன் சினிமா பார்த்து, கூட வேலை செய்கிறவர்களோடு பேசிப் பேசி ஹிந்தி கற்றிருப்பான். ஆனால் பள்ளிக்கூடத்தில் முதலில் எழுதிப் பழகியது ஒடியா எழுத்து. ஹிந்தி எழுத்தை அவனால் கூட்டிப் படிக்க முடியும் என்றே வைத்துக்கொள்வோம். கண்ணில் கெமிக்கல் பட்டவன் சுவரைப் பார்த்து எழுத்துக் கூட்டிக்கொண்டு நிற்க முடியுமா? பீகார்ப் பையன்கள் வீட்டில் போஜ்புரியோ மைதிலியோ மகஹியோ பேசலாம், ஆனால் பள்ளியில் படித்தது ஹிந்தி, அதனால் அவர்களுக்கு ஹிந்தி சரி. ஜார்க்கண்ட் பையனை விசாரித்தால் வீட்டில் சந்தாலி. சந்தாலி அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் இருக்கிற மொழி, ரகுநாத் முர்மு 1925-இல் உருவாக்கிய ஒல் சிக்கி என்கிற சொந்த எழுத்தும் அதற்கு உண்டு. அதற்காக அறிவிப்பை ஒல் சிக்கியில் அடித்துவிட்டால் அந்தப் பையன் படித்துவிடுவானா என்றால், இல்லை. அவன் போன பள்ளிக்கூடம் ஹிந்தியில் நடந்தது. அதே சந்தாலி பேசுகிற குடும்பம் ஒடிசாவில் இருந்திருந்தால் பிள்ளை ஒடியா எழுத்தைப் படித்திருக்கும், வங்காளத்தில் இருந்திருந்தால் வங்காள எழுத்தை. தாய்மொழி எது என்று கேட்டு ஒரு அறிவிப்பை எழுத முடியாது. எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டால் எழுதலாம்.

தம்பியை ஒரு காரியம் மட்டும் செய்யச் சொன்னேன். “அந்தப் பசங்க ஊருக்கு மெசேஜ் அடிக்கறப்போ எந்த எழுத்துல அடிக்கறாங்கன்னு போய்ப் பாருங்க.” அரை மணி நேரத்தில் திரும்பக் கூப்பிட்டார். ஒடிசாக்காரர்களில் இரண்டு பேர் ஒடியா எழுத்தில் அடிக்கிறார்கள். மூன்றாமவர் அடிப்பதே இல்லை, எல்லாம் குரல் பதிவுதான். அதாவது, எழுத்தே அவ்வளவாகப் பழக்கமில்லை. இந்த ஒரு தகவல் ஒரு மொழியைக் கூட்டியதோடு, எழுத்தே போதாது என்பதையும் காட்டிவிட்டது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில் ஒரு படம், வேலைக்குச் சேர்கிற அன்று சூப்பர்வைசர் வாய்விட்டுப் படித்துச் சொல்வது என்று இரண்டு ஏற்பாட்டைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். அது மொழிபெயர்ப்பாளர் வேலை இல்லைதான். இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஆக மொத்தம் தமிழ், ஹிந்தி, ஒடியா. இதில் எனக்குத் தெரிந்தது தமிழ் மட்டும். மற்ற இரண்டையும் தெரிந்த மொழிபெயர்ப்பாளர்களிடம் கொடுத்தேன். என் தமிழில் இருந்து போகாமல், மூலமான இங்கிலீஷில் இருந்தே போக வேண்டும் என்று சொல்லித்தான் கொடுத்தேன். என் வாக்கியத்தில் ஒரு பிசகு இருந்தால் அது மூன்று பாஷைக்கும் பரவக் கூடாது. சுவருக்குப் போகிற ஏழு வாக்கியத்துக்கும் எண் போட்டு அனுப்பினேன். எண்களை மட்டும் எல்லா மொழியிலும் 1, 2, 3 என்றே போடச் சொன்னேன். ஒடியாவுக்குச் சொந்த எண் வடிவம் உண்டு. ஆனால் 15 நிமிடம் என்பது 15 என்றே நின்றால், ஒடியா தெரியாத சூப்பர்வைசரும் ஐந்தாம் வரியைப் பார்த்து அது கண் கழுவுகிற வரிதான் என்று சரிபார்க்க முடியும். எட்டாவது வாக்கியத்தை மொழிபெயர்க்கவே இல்லை. அது கம்பெனிக்குச் சொன்ன கட்டளை, அதையும் மூன்று மொழியில் சுவரில் ஏற்றினால் படிக்கிறவனுக்கு ஒன்றும் விளங்காது.

பில்லைப் பார்த்ததும் எச்.ஆர். தம்பி, ‘ஒரு மொழிக்குத்தானேக்கா ரேட்டு பேசினோம்?’ என்று கேட்டார். ஒரு மொழிக்கு என்று எப்போது பேசினோம் என்று நானும் கேட்டேன். அப்புறம் கொடுத்துவிட்டார், பாவம். அதிலிருந்து ரேட்டை ‘ஒரு மொழிக்கு இவ்வளவு’ என்று முதல் மெசேஜிலேயே எழுதிவிடுகிறேன். பணத்தைப் பற்றி எழுதினால் மொழியும் தானாகப் பதிலில் வந்துவிடுகிறது என்பது உபரி லாபம்.

இதில் சட்டம் என்ன சொல்கிறது என்று சிலர் கேட்பார்கள். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்திலேயே 108-ஆவது பிரிவு, அந்தச் சட்டப்படி ஒட்டுகிற அறிவிப்புகள் இங்கிலீஷிலும், தொழிற்சாலையில் பெரும்பாலான தொழிலாளர்களுக்குப் புரியும் ஒரு மொழியிலும் இருக்க வேண்டும் என்று எழுதி வைத்தது. பிரதான வாசலில் ஒட்டுகிற அறிவிப்பை மனதில் வைத்து எழுதியது அது, அதனால் கணக்கும் மொத்தத் தலைக்கட்டுக் கணக்கு. நூறு பேரில் எண்பது பேர் தமிழ் என்றால் இங்கிலீஷும் தமிழுமாகச் சரியாகிவிடும். ஸ்பாட் மேஜையில் கன்னைப் பிடித்திருக்கிற எட்டுப் பேருக்கு அந்தப் பெரும்பான்மையால் ஒரு பிரயோஜனமும் இல்லை. வாங்குகிறவர்களின் கையேடு ‘வேலை நடக்கும் இடத்திலேயே’ என்று சொல்வது இதனால்தான். என் கருத்தில், அந்த மேஜையில் நிற்கிறவர்களைத்தான் எண்ண வேண்டும்.

தப்பாகப் போனால் எப்படித் தெரியும்? பெரும்பாலும் தெரியாது, அதுதான் இதில் ஆபத்து. படிக்கத் தெரியாதவன் புகார் சொல்ல மாட்டான். தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவான். வேறொரு கம்பெனியில் ஒடியா என்று தலைப்புப் போட்டு ஒட்டியிருந்த தாளைப் பார்த்திருக்கிறேன். உள்ளே இருந்தது வங்காளம். இதைக் கண்டுபிடிக்க இரண்டு பாஷையும் தெரிய வேண்டியதில்லை. வங்காள எழுத்துக்கு மேலே ஹிந்தி மாதிரி ஒரு நேர்கோடு ஓடும். ஒடியாவில் நேர்கோடு கிடையாது. எழுத்தின் தலை குடை விரித்த மாதிரி வளைந்திருக்கும். அசாமியாவும் வங்காளமும் தான் குழப்பும், இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே எழுத்து, ஓரிரண்டு எழுத்தில்தான் வித்தியாசம். அதை ஊர்க்காரரிடம் காட்டித்தான் உறுதி செய்ய வேண்டும். இன்னொன்று, ஒடியாவைப் பழைய டிசைன் மென்பொருளில் ஒட்டினால் கூட்டெழுத்து எல்லாம் பிரிந்து, கட்டம் கட்டமாக விழும். அதனால் நாங்கள் சுவருக்குப் போவதைப் பி.டி.எப். ஆக மட்டும்தான் கொடுக்கிறோம்.

ஒட்டி முடித்த பிறகு அந்த எச்.ஆர். தம்பி ஒரு நல்ல காரியம் செய்தார். ‘படிச்சியா, புரிஞ்சுதா?’ என்று பையனிடம் கேட்கவில்லை. கேட்டால் ‘புரிஞ்சுது’ என்றுதான் சொல்வான். ‘கண்ணுல பட்டா என்ன பண்ணுவே, காட்டு’ என்றார். பையன் குழாய்க்குப் போய் நின்றான். ‘எவ்வளவு நேரம்?’ என்றதற்குத் தாளைத் திரும்பிப் பார்த்துவிட்டு ‘பதினஞ்சு’ என்றான்.

கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. எந்த மொழி என்று கேட்டுக் காத்திருந்தால் பாதிப் பேர் பதில் போட மாட்டார்கள். இரண்டு வாக்கியத்தை மட்டும், எனக்குச் சரி என்று படுகிற மொழியில் செய்து அனுப்பிவிட்டால், தப்பாக இருந்தால் அடுத்த நிமிடமே ‘அய்யோ, இங்கிலீஷ்லங்க’ என்று வந்துவிடும். சின்னப் பத்தி என்றால் முழுதாகவே செய்து அனுப்பிவிடுவேன், போனால் அரை மணி நேரம். பத்துப் பக்கம் என்றால் இரண்டு வாக்கியத்தைத் தாண்டுவதில்லை. ‘தமிழில் செய்திருக்கிறேன், வேறு மொழி என்றால் சொல்லுங்கள்’ என்கிற குறிப்பைத் தனி மெசேஜாக அனுப்ப வேண்டும், மொழிபெயர்ப்போடு சேர்த்து எழுதக் கூடாது. சேர்த்து எழுதினால் அது அப்படியே பிரிண்ட் ஆகிச் சுவரில் ஏறிவிடும். இது நகைச்சுவைக்குச் சொல்வதில்லை.

கடைசியாக வாஷ்கேர் லேபிள். இது திருப்பூருக்கே உரிய தலைவலி. வாங்குகிறவரின் ஆர்டரைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர் ஒருவர் நாலு வரி இங்கிலீஷை ஒட்டுவார்: 95% காட்டன், 5% எலாஸ்டேன், உள்பக்கத்தைத் திருப்பித் துவைக்கவும், இதே நிறத் துணிகளோடு துவைக்கவும், அச்சின் மேல் இஸ்திரி போட வேண்டாம். ‘மொழிபெயர்த்துக் குடுங்கக்கா.’ கேட்பது தமிழில் என்றாலும் இதைத் தமிழில் கொடுத்தால் சிரிப்பார்கள். அந்த டீ ஷர்ட் எந்த நாட்டுக் கடையில் தொங்கப் போகிறதோ அந்த நாட்டின் மொழி வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1007/2011 எண் ஒழுங்குமுறை, துணியில் என்ன நூல் எத்தனை சதவீதம் என்கிற விவரம், விற்கிற நாட்டின் ஆட்சி மொழியில் அல்லது மொழிகளில் இருக்க வேண்டும் என்கிறது, அந்த நாடே வேறு மாதிரி அனுமதித்தால் ஒழிய. கனடாவுக்கு இங்கிலீஷ், பிரெஞ்சு இரண்டிலும் வேண்டும்.

அப்போது வாங்குகிறவர் ஆர்டர் போட்டு அனுப்புகிற தாளான பி.ஓ.வை எடுத்து எந்த ஊருக்குப் போகிறது என்று பார்த்தால் போதுமே என்று தோன்றும். அங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். பி.ஓ.வில் ஆன்ட்வெர்ப் துறைமுகம் என்று இருக்கும். ஆன்ட்வெர்ப் பெல்ஜியத்தில் இருக்கிறது, பெல்ஜியத்துக்கு டச்சு, பிரெஞ்சு, ஜெர்மன் என்று மூன்று ஆட்சி மொழி. அதனால் மூன்றிலும் செய்துவிடலாம் என்று கிளம்பிவிடுவார்கள். ஆனால் சரக்கு அங்கே இறங்குவதோடு சரி. அங்கிருந்து லாரியில் ஏறிப் போலந்துக்கும் பிரான்சுக்கும் போகலாம். இறங்குகிற துறைமுகம் மொழியைச் சொல்லாது, விற்கிற நாடுகளின் பட்டியல்தான் சொல்லும். அது பி.ஓ.வில் இருக்காது, வாங்குகிறவரின் லேபிள் கையேட்டிலோ, துணியை எப்படித் தைக்க வேண்டும் என்கிற விவரம் எல்லாம் இருக்கிற டெக் பேக்கிலோ இருக்கும். பல நாட்டில் கடை வைத்திருக்கிறவர்கள் எல்லா மொழியையும் ஒரே லேபிளில் அடுக்கிவிடுவதால்தான் சில பனியன்களின் விலாப் பக்கத்தில் சின்னப் புத்தகமே தொங்குகிறது.

அந்தக் கையேட்டைத் தேடி எடுக்கச் சொன்னால் இன்னொரு விஷயமும் கிடைக்கும். இந்த வரிகளுக்கெல்லாம் ஒவ்வொரு மொழியிலும் வாங்குகிறவர்களே வாசகம் தயாராக வைத்திருப்பார்கள். நூலின் பெயர்களோ அந்த ஒழுங்குமுறையின் முதல் இணைப்பிலேயே, அது வெளியான ஒவ்வொரு மொழியிலும் இருக்கின்றன. சொந்தமாக யாரும் புதிதாக எழுதக் கூடாது, எழுதினால் லேபிள் அப்ரூவல் ஆகாது. அதனால் மெர்ச்சண்டைசர் தம்பியிடம் நான் சொல்வது ஒன்றுதான்: “டெக் பேக்ல லேபிள் பக்கத்தை எடுத்துப் பாருங்க, அதுல இல்லாத வரி ஏதாச்சும் இருந்தா மட்டும் அனுப்புங்க.” போன தடவை அப்படித் தேடியதில் மூன்று வரி அங்கேயே இருந்தது. மிச்சம் இருந்தது, அச்சின் மேல் இஸ்திரி போட வேண்டாம் என்கிற வரி மட்டும். அதையும் நான் செய்யவில்லை, வாங்குகிறவரிடமே எழுதிக் கேட்கச் சொல்லிவிட்டேன். மறுநாள் பதினோரு மொழியில் வந்ததாம்.